4 பேர் குறிப்பு, 14 பேர் பந்தி: ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து சந்தைப் பட்டியல் வரை

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 16 பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சமைக்கக் கையில் இருந்தவை மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகள். சாம்பார் 4 பேருக்கு, ரசம் 3 பேருக்கு. பீன்ஸ் பொரியலில் எத்தனை பேருக்கு என்ற வரியே இல்லை. ஊருக்குப் புதிதாக வந்து, இரண்டு அடுப்பும் ஒரு குக்கரும் வைத்துக்கொண்டு முதல்முறை கூட்டம் கூப்பிடுகிறவர்களுக்கு அன்று நான் செய்த கணக்கையே அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

அம்மாவுக்கு வேலூருக்குப் போன் போட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேருக்குன்னு சொல்லுடி, அப்புறம் புளியைப் பத்திப் பேசலாம்." 16 என்றேன். "அதுல குழந்தைங்க எத்தனை?" நாலு. ஏழெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையை அரை ஆளாகக் கணக்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆக 12 பெரியவர்கள், 4 பிள்ளைகளுக்கு 2, மொத்தம் 14. இந்த 14-தான் இனி எல்லாக் கணக்குக்கும் அடி.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் படியுங்கள்

மூன்றையும் போன் கேலரியில் தனி ஆல்பத்தில் போட்டு, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கிரீன்ஷாட்டில் வழக்கமாக விடுபடுவது இரண்டு. ஒன்று, "எத்தனை பேருக்கு" என்ற வரி. அது தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், படம் எடுக்கும்போது மேலே வெட்டுப்பட்டுப் போகும். இரண்டு, பொருட்கள் பட்டியலில் இல்லாமல் செய்முறைக்குள் ஒளிந்திருக்கும் பொருள். என் ரசக் குறிப்பில் பூண்டு அப்படித்தான் இருந்தது. பட்டியலில் காணோம், நாலாவது வரியில் "தட்டிய 4 பல் பூண்டைச் சேர்த்து" என்று வந்தது. அதனால் பட்டியலை மட்டும் எழுதிக்கொள்ளாமல் செய்முறையையும் ஒரு வரி விடாமல் படித்து, அங்கே வரும் எண்ணெய், தண்ணீர், தழை எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கையால் எழுதச் சோம்பலாக இருந்தால், கூகுள் லென்ஸில் படத்தைத் திறந்து எழுத்தை நகலெடுக்கலாம். வேலை குறையும். ஆனால் பின்னங்களில் மட்டும் ஏமாற்றும். ஒன்றரை என்பதற்கு 1½ என்று அச்சிட்டிருந்தால், நகலில் அது 11/2 என்று இடைவெளி இல்லாமல் வந்து நிற்கும். அதை அப்படியே பெருக்கினால் பதினொன்றில் பாதி, அதாவது ஐந்தரை ஆகிவிடும். ½ மட்டும் தனியாக இருந்தால் சில சமயம் % ஆக மாறும். நகலெடுத்த பிறகு எண்களை மட்டும் படத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

அடுத்து ஸ்பூன். டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. ஒன்றுக்கு ஒன்று மூன்று மடங்கு வித்தியாசம். tbsp, tsp என்று சுருக்கி எழுதியிருப்பதை அவசரத்தில் மாற்றிப் படித்தால் மிளகு மூன்று மடங்காகும். நாலு பேர் சமையலில் அதைத் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். பதினாலு பேர் பாத்திரத்தில் அதற்கு இடம் இருக்காது.

கப் என்பது எந்தக் கப்?

கடையில் வாங்கும் அளவுக் கப் பெரும்பாலும் 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. அம்மா சொல்லும் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி (8 ஆழாக்கு ஒரு படி). மூன்றையும் பேச்சில் "ஒரு கப்" என்றே சொல்கிறோம்.

ஒருமுறை பக்கத்து ஃப்ளாட் அக்காவின் புலாவ் குறிப்பைப் பார்த்து 6 கப் அரிசி போட்டேன். தண்ணீரும் அதே கப்பில் அளந்ததால் சாதம் நன்றாகவே வெந்தது. மசாலாதான் எட்டாமல் சப்பென்று போனது. விசாரித்தால், அவர் அளந்தது ரைஸ் குக்கர் கப்பில், நான் அளந்தது 240 மில்லி கப்பில். என் அரிசி அவருடையதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம், மசாலா ஸ்பூன் மட்டும் அவர் சொன்ன எண்ணிக்கை. ஒரே கப்பில் அளக்கும் பொருட்களுக்குள் விகிதம் கெடாது. கப்பும் ஸ்பூனும் கலந்து வரும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

அதனால் பெருக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றிவிடுவது நல்லது. 240 மில்லி கப்புக்குத் துவரம்பருப்பு ஏறக்குறைய 200 கிராம். அரை கப் என்றால் 100 கிராம், 2 டேபிள்ஸ்பூன் என்றால் 25 கிராம். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் மிச்சத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம். "எலுமிச்சை அளவு புளி" என்று எழுதியிருந்ததை உருட்டி வைத்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "இது எலுமிச்சையா, நாரத்தங்காயா?" என்று கேட்டார். பாதியைக் கிள்ளி எடுத்த பிறகு தராசு 25 கிராம் காட்டியது. ரசத்துக்குச் சொன்ன நெல்லிக்காய் அளவு 10 கிராம் வந்தது. 15 சின்ன வெங்காயம் 130 கிராம். நடுத்தரத் தக்காளி ஒன்று 80 கிராம். உங்கள் கைக்கு உங்கள் எண்கள் வரும், அவற்றை எழுதி வையுங்கள்.

பெருக்கும் எண்

வேண்டிய ஆட்களைக் குறிப்பில் உள்ள ஆட்களால் வகுத்தால் பெருக்க வேண்டிய எண் கிடைக்கும். சாம்பாருக்கு 14-ஐ 4-ஆல் வகுத்தால் 3.5. ரசத்துக்கு 14-ஐ 3-ஆல் வகுத்தால் 4.67. இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். அந்த ரசக் குறிப்பு, ரசம் மட்டுமே குழம்பாக இருக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுதியது. சாம்பார் சாதம் சாப்பிட்ட பிறகு ரசத்துக்கு வருகிறவர் அவ்வளவு ஊற்றிக்கொள்ள மாட்டார். அதனால் 4 என்று குறைத்துக்கொண்டேன்.

பொரியலில் ஆள் கணக்கே இல்லை, "பீன்ஸ் 250 கிராம்" என்று மட்டும் இருந்தது. இப்படி வந்தால் தலைமைப் பொருளைப் பிடித்துக்கொண்டு தலைக்கு எவ்வளவு என்று பின்னாலிருந்து போங்கள். சாப்பாட்டில் ஒரு பொரியல் என்றால் நறுக்கிய காய் தலைக்கு 80 கிராம் போதும். 14 பேருக்கு 1,120 கிராம். அதை 250-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4.5. பொரியலில் உள்ள மற்ற பொருட்களுக்கும் அதுவே பெருக்கு. 2 டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல் 9 ஆகிறது, ஒரு காய் தாராளம்.

இதே தலைக்கணக்கு சரிபார்க்கவும் உதவும். சாம்பார் பருப்பு 100 கிராமை 3.5-ஆல் பெருக்கினால் 350. திரும்ப 14-ஆல் வகுத்தால் தலைக்கு 25 கிராம். சரிதான். இந்த இடத்தில் 90 என்றோ 5 என்றோ வந்திருந்தால் எங்கோ பின்னத்தையோ கப்பையோ தப்பாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம். அரிசியை எந்தக் குறிப்பும் சொல்லாது. பச்சரிசியோ சோனா மசூரியோ, தலைக்கு 100 கிராம் வைத்தால் 1.4 கிலோ.

எல்லாம் ஒரே மாதிரி பெருகாது

பருப்பு, காய், அரிசி இவை கண்ணை மூடிக்கொண்டு பெருக்கலாம். தண்ணீர் அப்படியில்லை. கொதிக்கும்போது ஆவி போவது பாத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து. மூன்றரை மடங்கு சாம்பார் ஊற்றும் பாத்திரத்தின் வாய் மூன்றரை மடங்கு அகலமாக இருக்காது, ஆழம்தான் கூடும். ஆகவே சின்னச் சட்டியில் வற்றிய அதே விகிதத்தில் இங்கே வற்றாது. குறிப்பில் 3 கப் தண்ணீர், பெருக்கினால் பத்தரை. நான் 9 கப்பில் நிறுத்தினேன், கடைசியில் அரை கப் மட்டும் சேர்க்க வேண்டியிருந்தது. நீர்த்துப்போன சாம்பாரைக் கெட்டியாக்குவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாதபோது உப்பும் புளியும் பொடியும் எவ்வளவு என்பதும் தெரியாது. அதனால் இந்த மூன்றையும் முழுக்க அளந்து, முக்கால் பங்கைப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் பொடி 2 டேபிள்ஸ்பூன், 3.5 மடங்கில் 7. முதலில் 5 போட்டேன், கொதி வந்த பிறகு ருசி பார்த்து இன்னும் ஒன்று. ஏழாவது டப்பாவுக்கே திரும்பிப் போனது. ரச மிளகும் 4 டீஸ்பூனில் 3-ஓடு நின்றது.

தாளிக்கும் எண்ணெய் கரண்டியின் அடியை மூடி, கடுகு வெடிக்க வேண்டிய அளவு இருந்தால் போதும். 2 டீஸ்பூனை 7 ஆக்கினால் சாம்பார் மேல் எண்ணெய் மிதக்கும். 4 போதுமாக இருந்தது.

நேரத்தைப் பெருக்காதீர்கள். பருப்பு வேகும் விசில் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், குக்கர் சூடேறி முதல் விசில் வரத்தான் நேரமாகும். ஆனால் குக்கரின் கொள்ளளவைப் பாருங்கள். பருப்பு பொங்கி நுரைக்கும் என்பதால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் சேர்த்து 450 கிராம் பருப்பு, அதன் மூன்று மடங்கு தண்ணீர், மொத்தம் சுமார் 2 லிட்டர். 5 லிட்டர் குக்கரில் ஒரே தடவையில் முடியும். 3 லிட்டர் குக்கர் என்றால் இரண்டு தடவை, அதற்கு அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டும். பீன்ஸையும் ஒரே வாணலியில் குவிக்காதீர்கள். ஒரு கிலோவுக்கு மேல் ஒன்றாகப் போட்டால் வதங்காது, தன் தண்ணீரிலேயே வெந்து பச்சை நிறம் மங்கிவிடும். இரண்டாகப் பிரித்துச் செய்தேன்.

மூன்றையும் ஒரே பட்டியலாக்க

நோட்டுப் புத்தகத்திலும் செய்யலாம். நான் கூகுள் ஷீட்ஸில் போட்டேன். A பத்தியில் பொருள், B-யில் குறிப்பில் உள்ள கிராம், C-யில் பெருக்கும் எண், D-யில் மொத்தம், E-யில் எந்தப் பதார்த்தத்துக்கு என்பது. ஒவ்வொரு குறிப்பின் பொருட்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போகலாம், கலந்து கிடந்தாலும் பரவாயில்லை. D2-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=B2*C2
```

G பத்தியில் பொருளின் பெயரை ஒரே ஒருமுறை எழுதி, H2-இல் இதைப் போட்டால் எல்லாப் பதார்த்தங்களிலும் இருப்பது கூடிவரும்:

```
=SUMIF(A:A,G2,D:D)
```

இதில் இரண்டு இடங்களில் சறுக்கும். கட்டத்தில் 1/2 என்று தட்டினால் ஷீட்ஸ் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும், பெருக்கினால் ஆயிரக்கணக்கில் ஏதோ ஒரு எண் வந்து நிற்கும். 0.5 என்றோ =1/2 என்றோ போடுங்கள். இன்னொன்று, ஒரு வரியில் "துவரம்பருப்பு", இன்னொரு வரியில் "துவரம் பருப்பு" என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு பொருள் என்று நினைத்து ஒன்றை விட்டுவிடும். என் பட்டியலில் முதலில் பருப்பு 350 கிராம் என்று மட்டுமே வந்தது. ரசத்தின் 100 கிராம் எங்கே என்று தேடிய பிறகுதான் நடுவில் இருந்த இடைவெளி கண்ணில் பட்டது. கூட்டல் முடிந்ததும், ஒவ்வொரு பதார்த்தத்திலிருந்தும் ஒரு பொருளையாவது மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள்.

தக்காளி சாம்பாருக்கு 2-ஐ 3.5-ஆல் பெருக்கி 7, ரசத்துக்கு 2-ஐ 4-ஆல் பெருக்கி 8. ஆக 15, எடையில் 1,200 கிராம். புளி சாம்பாருக்கு 87, ரசத்துக்கு 40, சேர்த்து 127 கிராம். சின்ன வெங்காயம் 455 கிராம். முருங்கைக்காய் மூன்றரை.

இப்போதுதான் முழுமையாக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் தனித்தனியாக மேலே தள்ளிவிட்டுக் கூட்டினால் ஒவ்வொரு பொருளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பை கனத்துவிடும். கூட்டிய பிறகு கடைக்காரர் எடை போடும் அளவுக்கு ஒருமுறை மட்டும் ஏற்றுங்கள். பருப்பு 450 கிராம் என்பது அரைக் கிலோ பாக்கெட். தக்காளி ஒன்றேகால் கிலோ. சின்ன வெங்காயம் அரைக் கிலோ. முருங்கைக்காய் 4. பீன்ஸ் நறுக்கிய எடையில் 1,120 கிராம் வேண்டும், காம்பும் நாரும் போகும் என்பதால் ஒன்றேகால் கிலோ. கறிவேப்பிலை, கொத்தமல்லியைப் பெருக்கிக் கூட்டும் வேலையே வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டு.

கடைக்குக் கிளம்பும் முன் H-க்குப் பக்கத்தில் I பத்தியில் வீட்டில் இருப்பதை எழுதுங்கள். டப்பாவை ஆட்டிப் பார்த்து "இருக்கு" என்று எழுதாமல் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் புளி 150 கிராம் இருந்தது, வாங்கவே இல்லை. கடுகு டப்பாவில் அரை ஸ்பூன்தான் இருந்தது.

கடை வாரியாகப் பிரிப்பது

மளிகை ஒரு பக்கம், காய்கறி ஒரு பக்கம் என்று பட்டியலை இரண்டாகப் பிரித்தால் ஒரே தெருவில் இருமுறை நடக்க வேண்டாம். அல்சூரில் தமிழ் பேசும் கடைக்காரர்கள் நிறைய, கவலையில்லை. ஆனால் ஊரின் வேறு பகுதியில் இருப்பவர்கள் பட்டியலில் கன்னடப் பெயரையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்வது நல்லது. துவரம்பருப்பு தொகரி பேளெ, புளி ஹுணசே ஹண்ணு, முருங்கைக்காய் நுக்கேகாயி, கொத்தமல்லித் தழை கொத்தம்பரி சொப்பு, கறிவேப்பிலை கரிபேவு. பீன்ஸுக்கு ஹுருளிகாயி. அதில் "காயி"யை விழுங்கிவிட்டு "ஹுருளி" என்று மட்டும் சொன்னால் கொள்ளு கட்டிக் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

தக்காளி வாங்கும்போது நாட்டியா, ஹைப்ரிட்டா என்று கேட்பார்கள். நாட்டித் தக்காளி நல்ல புளிப்பு. ரசத்துக்கு அதை எடுத்தால், முக்கால் பங்குக்கு மேல் ஒதுக்கி வைத்த புளி தேவையே படாமல் போகலாம். அன்று எனக்கு அப்படித்தான் ஆனது.

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை. கேலரியில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து, எடிட்டில் போய், படத்தின் மேலேயே விரலால் எழுதி வைத்தேன்: "14 பேர். பருப்பு 350. பொடி 6. தண்ணீர் ஒன்பதரை. மிச்சம் 2 கரண்டி." ரசத்தின் மேல், "4 மடங்கு போதவில்லை, குழந்தைகள் டம்ளரில் வாங்கிக் குடித்தார்கள். அடுத்த முறை 5."